கல்லாறு முதல் தொட்டபெட்டா வரை ஒரு நேர்கோடு: மிச்சங்கள் வளைந்தால் என்ன அர்த்தம்?

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வந்து சேரும்போது உப்பிப்போய் நிற்பதை மலையேறியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மேலே போகப் போக வெளியே காற்றழுத்தம் குறைகிறது, பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று விரிகிறது. சரி, எவ்வளவு குறைகிறது? உயரத்தைச் சொன்னால் அழுத்தத்தைச் சொல்லும் ஒரு நேர்கோடு போட முடியுமா? லீனியர் ரிக்ரஷன் படிக்கத் தொடங்கியவர்களுக்கு இது நல்ல கணக்கு. கோடு அபாரமாகப் பொருந்தும், ஆனாலும் அது தவறான கோடு. அந்தத் தவறை நமக்குக் காட்டிக்கொடுப்பது ரெசிடுவல் வரைபடம்தான், அதாவது உண்மையிலிருந்து கோடு சொன்னதைக் கழித்தபின் தங்கும் மிச்சங்களின் படம்.

முதலில் எண்கள். மலையடிவாரத்தில் கல்லாறு சுமார் 400 மீட்டர். அங்கிருந்து 450 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டு போனால் 850 மீட்டர் பர்லியாறு பக்கம் வரும், 1,750 குன்னூர் மட்டத்தில் வரும், 2,200 ஊட்டி. கடைசிப் புள்ளியான 2,650, தொட்டபெட்டா உச்சிக்கு (2,637 மீட்டர்) ஒரு கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இந்த உயரங்களுக்கான அழுத்தத்தை நான் கருவி வைத்து அளக்கவில்லை. விமானத் துறையில் பயன்படுத்தும் திட்ட வளிமண்டலச் சூத்திரத்திலிருந்து எடுத்திருக்கிறேன். கடல் மட்டத்தில் 1013.25 ஹெக்டோபாஸ்கல், 15 டிகிரி செல்சியஸ், கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குளிர்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிடும் சூத்திரம் அது. நம் ஊர்க் காற்று அதைவிடச் சூடானது என்பதால் ஊட்டியில் உண்மையான அழுத்தம் சில ஹெக்டோபாஸ்கல் கூடுதலாகவே இருக்கும். ஆனால் வளைவின் கதை மாறாது. சூத்திரத்து எண்களில் வானிலையின் குழப்பம் இல்லை என்பதால் பழகுவதற்கு இவைதான் வசதி.

| உயரம் (மீ.) | அழுத்தம் | கோடு சொல்வது | மிச்சம் |
|---|---|---|---|
| 400 | 966.1 | 962.6 | +3.5 |
| 850 | 915.2 | 915.9 | −0.7 |
| 1,300 | 866.5 | 869.3 | −2.8 |
| 1,750 | 819.9 | 822.7 | −2.8 |
| 2,200 | 775.4 | 776.1 | −0.7 |
| 2,650 | 732.9 | 729.4 | +3.5 |

அட்டவணையின் முதல் இரண்டு பத்திகளை எக்செல்லில் போட்டு ஒரு ட்ரெண்ட்லைன் கேட்டால் கிடைக்கும் கோடு இது:

```
p = 1004.0 - 0.1036 h
```

அதாவது 100 மீட்டர் ஏறினால் அழுத்தம் 10.36 ஹெக்டோபாஸ்கல் குறையும் என்கிறது கோடு. R² எவ்வளவு தெரியுமா? 0.999. புள்ளிகளையும் கோட்டையும் ஒரே படத்தில் வரைந்தால் புள்ளிகள் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். "0.999 வந்துடுச்சே சார், இன்னும் என்ன பார்க்கணும்?" என்று மாணவர்கள் கேட்பது இந்த இடத்தில்தான். நியாயமான கேள்வி.

பார்க்க வேண்டியது அட்டவணையின் கடைசிப் பத்தி. அட்டவணையில் இருக்கும் அழுத்தத்திலிருந்து கோடு சொன்ன அழுத்தத்தைக் கழித்தால் வருவது ரெசிடுவல். தமிழில் எச்சம் என்றும் எழுதுகிறார்கள், நான் மிச்சம் என்றே சொல்கிறேன். கழிக்கும் வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்: உண்மை கழித்தல் கோடு. அப்போதுதான் கூட்டல் குறி வந்த இடத்தில் உண்மை கோட்டுக்கு மேலே இருக்கிறது என்று படிக்க முடியும். திருப்பிப் போட்டால் வளைவும் தலைகீழாகிவிடும்.

இப்போது கிடை அச்சில் உயரம், செங்குத்து அச்சில் மிச்சம் என்று வைத்து ஆறு புள்ளிகளையும் குறியுங்கள். பூஜ்ஜியத்தில் ஒரு கிடைக்கோடு இழுத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் வேலை இவ்வளவுதான்:

```python
import numpy as np
import matplotlib.pyplot as plt

h = np.array([400, 850, 1300, 1750, 2200, 2650])
p = np.array([966.1, 915.2, 866.5, 819.9, 775.4, 732.9])

b, a = np.polyfit(h, p, 1)
r = p - (a + b*h)

plt.scatter(h, r)
plt.axhline(0)
plt.show()
```

திரையில் வருவது ஒரு கிண்ணம். இரண்டு ஓரங்களும் மேலே, நடு பள்ளமாகக் கீழே. கல்லாற்றிலும் தொட்டபெட்டாவிலும் கோடு குறைத்துச் சொல்கிறது, நடுவில் பர்லியாற்றிலிருந்து ஊட்டி வரை கூட்டிச் சொல்கிறது.

முதல் படத்தில் கண்ணுக்கே படாத இது இரண்டாவது படத்தில் எப்படி இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? முதல் படத்தின் செங்குத்து அச்சு 733 முதல் 966 வரை, கிட்டத்தட்ட 233 ஹெக்டோபாஸ்கலைக் காட்ட வேண்டியிருக்கிறது. அதில் 3 என்பது பேனா முனையின் தடிமன். மிச்சத்தின் படத்தில் மொத்த அச்சே −3-லிருந்து +4 வரைதான். சரிவு என்ற பெரிய விஷயத்தைக் கழித்துவிட்டதால், மீதமிருக்கும் சின்ன விஷயம் முழுப் படத்தையும் எடுத்துக்கொள்கிறது. R² அளப்பது மொத்த ஏற்ற இறக்கத்தில் கோடு எத்தனை பங்கைப் பிடித்தது என்பதை. 233 ஹெக்டோபாஸ்கல் இறக்கத்துக்கு முன்னால் 3 ஹெக்டோபாஸ்கல் தவறு அதற்குத் தூசு. தவறுகள் சிதறிக் கிடக்கின்றனவா, ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றனவா என்று R² கேட்பதே இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் குழம்புவார்கள். மிச்சங்களைக் கூட்டினால் எப்போதும் பூஜ்ஜியம் வரும். மேலே இருக்கும் ஆறையும் கூட்டிப் பாருங்கள். அதேபோல மிச்சத்தின் படம் ஒட்டுமொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கவும் முடியாது. நேர்கோட்டில் சொல்லக்கூடிய எல்லாவற்றையும், இந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்த குறைந்தபட்ச வர்க்க முறை ஏற்கெனவே உறிஞ்சி எடுத்துவிட்டது. ஆகவே "சராசரி மிச்சம் பூஜ்ஜியம், அதனால் மாடல் சரி" என்று யாராவது சொன்னால் அதில் ஒன்றுமே இல்லை. எவ்வளவு மோசமான கோட்டுக்கும் அது பூஜ்ஜியம்தான். நேர்கோட்டால் எடுக்க முடியாதது மட்டுமே மிச்சத்தில் தங்கும், அதில் முதலில் கண்ணில் படுவது வளைவு.

கிண்ணம் என்ன சொல்கிறது என்று அட்டவணையிலேயே தேடலாம். கல்லாற்றிலிருந்து முதல் 450 மீட்டர் ஏறும்போது அழுத்தம் 50.9 குறைகிறது. அடுத்த படியில் 48.7, அப்புறம் 46.6, 44.5. ஊட்டியிலிருந்து மேலே கடைசி 450 மீட்டரில் 42.5 மட்டுமே. இறங்கும் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. கோட்டுக்கோ ஒரே வேகம்தான் தெரியும், படிக்கு 46.6. தொடக்கத்தில் உண்மை கோட்டைவிட வேகமாக இறங்குகிறது, அதனால் மிச்சம் கூட்டலிலிருந்து கழித்தலுக்குச் சரிகிறது. நடுவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம், அங்கே கிண்ணத்தின் அடி. பிறகு உண்மை மெதுவாகி கோடு அதைவிடக் கீழே போய்விடுகிறது, மிச்சம் மறுபடி மேலேறுகிறது. கிண்ணம் வந்தால் கோட்டின் சரிவு வழிநெடுகக் கூடிக்கொண்டு போக வேண்டியிருந்தது என்று பொருள். இங்கே சரிவு கழித்தல் எண் என்பதால், கூடுவது என்றால் பூஜ்ஜியத்தை நோக்கி நகர்வது. கவிழ்த்த கிண்ணம் வந்தால் இதற்கு நேர் எதிர்.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஓரிடத்தின் காற்றழுத்தம் என்பது அதற்கு மேலே இருக்கும் காற்றின் எடை. அடிவாரத்துக் காற்று அடர்த்தி அதிகம், அதனால் அங்கே 450 மீட்டர் ஏறினால் நிறையக் காற்றைக் கீழே விட்டுவிடுகிறோம். ஊட்டிக் காற்று லேசானது, அதே 450 மீட்டரில் குறைவான காற்றையே தாண்டுகிறோம். குறைவது இவ்வளவு ஹெக்டோபாஸ்கல் என்பதைவிட, இருப்பதில் இத்தனை சதவீதம் என்பதுதான் உண்மைக்கு நெருக்கம்.

மலைக்குள்ளேயே இருக்கும்வரை இந்தத் தவறு பெரிய சேதம் செய்யாது. 2.8 ஹெக்டோபாஸ்கல் என்பது உயரத்தில் சுமார் 27 மீட்டர். கோட்டை வைத்து உயரம் கணித்தால் குன்னூரில் அவ்வளவு பிசகும். கோட்டை நீட்டினால்தான் வம்பு. கடல் மட்டத்துக்கு அது சொல்வது 1004, சூத்திரத்தின் எண்ணோ 1013. மேலே நீட்டினால் சுமார் 9,700 மீட்டரில் காற்றழுத்தம் பூஜ்ஜியமாகிவிடுகிறது, அதற்கு மேல் கழித்தல் எண்! கோயம்புத்தூருக்கு வந்து போகும் ஜெட் விமானங்கள் 10,000 மீட்டருக்கு மேலே பறப்பது சாதாரணம். அங்கே இன்னும் 265 ஹெக்டோபாஸ்கல் அளவுக்குக் காற்று இருக்கிறது. கிண்ணத்தின் இரு ஓரங்களும் மேலே போய்க்கொண்டே இருப்பதிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது: தரவின் எல்லையைத் தாண்டினால் பிழை எந்தப் பக்கம் வளரும் என்று அது முன்கூட்டியே காட்டுகிறது.

சரி, வளைவைக் கண்டுபிடித்தாயிற்று, என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் உடனே உயரத்தின் வர்க்கத்தையும் சேர்ப்பார்கள். இங்கே அது பிரமாதமாக வேலை செய்கிறது. மிச்சங்கள் எல்லாம் 0.1 ஹெக்டோபாஸ்கலுக்குக் கீழே போய்விடும், கிண்ணம் காணாமல் போகும். ஆனால் வர்க்கம் சேர்த்த கோடு ஒரு பரவளையம். அது எங்கேயாவது திரும்பியே ஆக வேண்டும். இந்த எண்களுக்கு அது சுமார் 11,500 மீட்டரில் திரும்புகிறது, அதற்கு மேலே போனால் காற்றழுத்தம் மறுபடி கூட ஆரம்பிக்கிறது. மலைக்குள் உயரத்தை அழுத்தமாக மாற்றும் ஒரு கருவி போதும் என்றால் பரவளையம் தாராளமாகப் போதும். ஏன் இப்படி நடக்கிறது என்று அதனிடம் கேட்டால் பதில் இல்லை.

எனக்குப் பிடித்த வழி, மேலே சொன்ன சதவீதக் காரணத்தைப் பின்பற்றிப் போவது. படிக்கு ஒரே சதவீதம் குறைகிறது என்றால், அழுத்தத்தின் மடக்கைக்கும் உயரத்துக்கும் நேர்கோட்டு உறவு இருக்க வேண்டும். நிரலில் ஒரே ஒரு வரி கூடும்:

```python
p = np.log(p)
```

இதை `polyfit` வரிக்கு முன்னால் போட்டு மறுபடி ஓட்டுங்கள். இந்த யோசனை பழையது. ஸ்காட்லாந்தின் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் 1857-இல் வெளியிட்ட அளவுகள் ரிக்ரஷன் வகுப்புகளில் இன்றும் பாடமாக இருக்கின்றன. மலைக்குப் பாரமானியைத் தூக்கிக்கொண்டு போவது அப்போது பெரும்பாடு. தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையை அளந்தே அழுத்தத்தையும் அதிலிருந்து உயரத்தையும் சொல்லிவிட முடியுமா என்று அவர் ஆல்ப்ஸிலும் ஸ்காட்லாந்திலும் அளந்து பார்த்தார். (ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாவது அதனால்தான்.) அவருடைய அழுத்தத்துக்கும் கொதிநிலைக்கும் நேர்கோடு போட்டாலும் R² 0.99-க்கு மேல் வருகிறது, மிச்சமோ அங்கேயும் வளைகிறது. அங்கேயும் மடக்கை எடுத்ததும் நிமிர்கிறது.

நம் மலையில் மடக்கை எடுத்தபின் வரும் படத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். கிண்ணம் போய்விட்டதா? போய்விட்டது, ஆனால் கவிழ்ந்துகொண்டது! இரண்டு ஓரங்களும் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏறக்குறைய 0.1 சதவீதம், நடுப்புள்ளிகள் பூஜ்ஜியத்துக்கு மேலே 0.08 சதவீதம். அளவு மிகவும் சிறியது, ஹெக்டோபாஸ்கலில் சொன்னால் எல்லாமே ஒன்றுக்குள். முதல் கிண்ணத்தோடு ஒப்பிட்டால் கால் பங்குதான் இருக்கும். ஆனாலும் ஒழுங்கு தெளிவாகத் தெரிகிறது.

நிறையப் பேர் இங்கே, "மடக்கை எடுத்தாயிற்று, தீர்ந்தது" என்று கிளம்பிவிடுவார்கள். இந்த மீதி வளைவுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. படிக்கு எத்தனை சதவீதம் குறைகிறது என்று அட்டவணையில் கணக்கிட்டுப் பாருங்கள்: கல்லாற்றிலிருந்து முதல் படியில் 5.27 சதவீதம், கடைசிப் படியில் 5.48. மடக்கைக் கோடு எல்லாப் படியிலும் ஒரே சதவீதம் என்று நம்புகிறது, உண்மையில் மேலே போகப் போகச் சதவீதம் மெல்லக் கூடுகிறது. ஏன்? ஒரே சதவீதம் குறைய வேண்டுமானால் கல்லாறு முதல் தொட்டபெட்டா வரை காற்றின் வெப்பநிலை ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. மேலே குளிர். அழுத்தம் ஒன்றாக இருக்கும்போது குளிர்ந்த காற்று சூடான காற்றைவிட அடர்த்தி, அதனால் ஒவ்வொரு மீட்டரிலும் இருப்பதில் சற்றுப் பெரிய பங்கைத் தாண்டிவிடுகிறோம். சூத்திரத்துக்குள் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்று வைத்திருந்தோமே, அது இந்தக் கவிழ்ந்த கிண்ணமாக வெளியே வந்திருக்கிறது. ஊட்டியில் ஸ்வெட்டர் தேவைப்படுவது அழுத்த எண்களின் மிச்சத்திலேயே தெரிகிறது என்று சொன்னால் மிகையில்லை. முதல் வளைவு காற்று அமுங்கக்கூடியது என்று சொன்னது, அதைச் சரிசெய்ததும் கிடைத்த இரண்டாவது வளைவு காற்று மேலே குளிர்கிறது என்று சொல்கிறது.

உண்மையான அளவுகளோடு இதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டால், பல கைப்பேசிகளில் பாரமானி உணரி இருக்கிறது, அதைக் காட்டும் இலவசச் செயலிகளும் உண்டு. கைப்பேசி எப்போதும் ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கல் கூட்டிக் காட்டுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். எல்லா இடத்திலும் ஒரே அளவு கூட்டினால் அது கோட்டின் மாறிலிக்குள் போய்விடும், மிச்சத்தைத் தொடாது. கவனம் தேவைப்படுவது வேறு இடத்தில். குன்னூருக்கும் தொட்டபெட்டாவுக்கும் இடையில் மட்டும் அளந்தால் கிண்ணத்தின் ஆழம் ஒரு ஹெக்டோபாஸ்கல் அளவுக்குச் சுருங்கிவிடும், அளவீட்டுச் சிதறலில் அது மூழ்கிப்போகும். அந்த 900 மீட்டருக்கு நேர்கோடே போதும் என்பதும் உண்மை. ஆறு புள்ளிகள் சிதறலோடு இருக்கும்போது கண் தானாகவே வளைவைக் கற்பனை செய்துகொள்ளும், அதனால் இருபது முப்பது இடங்களிலாவது அளந்துகொள்வது நல்லது. படம் வரையும்போது கிடை அச்சில் உயரத்தையோ கோடு சொன்ன அழுத்தத்தையோ வையுங்கள். அளந்த அழுத்தத்தை வைத்தால், மாடல் சரியாக இருந்தாலும் மிச்சங்கள் மேல்நோக்கிச் சாய்வது போலத் தெரியும்.

எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது நேரம். நம் பக்கம் காற்றழுத்தம் ஒவ்வொரு நாளும் தானாகவே ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு மணி வாக்கில் தாழ்வு, இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல். காலை ஏழு மணிக்குக் கல்லாற்றில் தொடங்கி, பத்து மணிக்குக் குன்னூர் தாண்டி, ஒரு மணிக்குத் தொட்டபெட்டாவில் முடித்தால் நடுப்புள்ளிகளில் மட்டும் அழுத்தம் சற்று உயர்ந்திருக்கும். கிண்ணத்தின் பள்ளத்தை அது கொஞ்சம் நிரப்பிவிடும். மடக்கை எடுத்த படத்திலோ அது கவிழ்ந்த கிண்ணத்தை ஊதிப் பெரிதாக்கும், அதைப் பார்த்து மலையின் குளிரை நாம் தப்பாகக் கணக்கிடுவோம். நண்பர் ஒருவர் இன்னொரு கைப்பேசியுடன் கல்லாற்றிலேயே உட்கார்ந்து கால் மணிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டால், அங்கே ஏறியதையும் இறங்கியதையும் மேலே எடுத்த அளவுகளிலிருந்து கழித்துவிடலாம்.